ரேஷன் வரிசையில் ஒரு கைக்குழந்தை

இன்று காலை தருமபுரியில் எங்கள் தெரு ரேஷன் கடை வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் தோளில் நாலைந்து மாதக் குழந்தை, வீறிட்டு அழுதது. அவள் முகத்தில் அப்படி ஒரு கூச்சம்.

"என்னம்மா, பாப்பாவுக்குப் பசியா?" என்றேன். குழந்தையைக் கேட்டு நான் கை நீட்டவில்லை. முகம் தெரியாத ஆள் தூக்கினால் இன்னும் அழும், அம்மாவுக்கும் பயமாக இருக்கும். குழந்தை முஷ்டியை வாயில் திணித்துச் சப்பிக்கொண்டிருந்தது. பசிதான்.

"பையை இங்கேயே வெச்சிட்டுப் போய்ப் பால் குடுத்துட்டு வா. உன் இடத்தை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்றவர்களிடமும் "இந்தப் பொண்ணு இங்கதான் நிக்குது, இப்ப வந்துரும்" என்றேன். இதைச் சொல்லாமல் விட்டால் அவள் திரும்பி வரும்போது கட்டாயம் சண்டை வரும்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். ஆனால் அழுத வேகத்தில் குழந்தை மார்பைப் பிடிக்கவில்லை. அப்புறம் தோளில் போட்டு மெல்ல ஆட்டி, விசும்பல் அடங்கிய பிறகுதான் குடித்தது.

ரேகை மட்டும் அவளேதான் வைக்க வேண்டும். அவள் முறை வந்ததும் முன்னால் நின்ற அண்ணன்தான் குரல் கொடுத்தார். தூங்கும் குழந்தையோடு வந்தாள். அரிசிப் பையை வண்டிவரை நான் தூக்கி வந்தேன்.

"வரேங்க்கா" என்றாள்.