ஐந்தாம் இடத்தை நீக்கியது சரிதானா

"வரைபடப் பயன்பாட்டுக்கு நீங்கள் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வரைபடத்திலேயே இருக்கும் விளக்கத்தைப் பகுப்பாய்வில் காணவில்லை என்று அங்கே குறைத்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே அறிக்கைதானே?" என்று இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்டார். அவர் என்னைவிடப் பணியில் மூத்தவர், குரலை உயர்த்தாமல் கேட்பவர். அப்போது நான் சொன்ன பதில் சரியென்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

நாங்கள் மதிப்பிட்டது ஒரு மாணவரின் புவியியல் களப்பணி அறிக்கை. அது ஒரு சிற்றோடையைப் பற்றியது. மேலிருந்து கீழ்நோக்கிச் செல்லச் செல்ல ஓட்டத்தின் வேகம் கூடும் என்பது மாணவர் எடுத்துக்கொண்ட கருதுகோள். எட்டு இடங்களில் அகலம், சராசரி ஆழம், மிதவை பத்து மீட்டரைக் கடக்கும் நேரம் ஆகியவற்றை அளந்திருந்தார். மேற்பரப்பு வேகம் நீரோட்டத்தின் சராசரி வேகத்தைவிட அதிகம் என்பதால் அதை 0.85 ஆல் பெருக்கியிருந்தார். முதல் இடத்திலிருந்து வரிசையாக அவர் கண்ட வேகங்கள், நொடிக்கு மீட்டரில், 0.31, 0.28, 0.36, 0.40, 0.19, 0.42, 0.45, 0.39. ஐந்தாம் இடத்தில் மட்டும் எண் சட்டென்று விழுந்திருப்பதை யாரும் காணலாம். மாணவரும் கண்டார். "ஐந்தாம் இடத்தில் அளவீட்டுப் பிழை நேர்ந்திருப்பதால் அது கணக்கிலிருந்து நீக்கப்பட்டது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, மீதி ஏழு இடங்களுக்கு, இடங்களின் வரிசையும் வேகங்களின் வரிசையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஸ்பியர்மன் தரவரிசை ஒட்டுறவைக் கணக்கிட்டு, 0.75 என்ற விடையைப் பெற்று, கருதுகோள் நிறுவப்பட்டதாக முடித்திருந்தார்.

நான் முதலில் செய்தது நீக்கிய இடத்தைத் திரும்பச் சேர்த்துக் கணக்கிட்டதுதான். எட்டு இடங்களுக்கும் சேர்த்து 0.571 வந்தது. வேகம் கூடும் என்று திசையைச் சொல்லிவிட்ட ஒருபக்கச் சோதனையில், ஐந்து விழுக்காடு மிகைகாண் நிலைக்கு எட்டு இடங்கள் இருந்தால் 0.643 தேவை, ஏழு இடங்கள் இருந்தால் 0.714 தேவை. அதாவது ஐந்தாம் இடம் உள்ளே இருந்தால் கருதுகோளுக்கு ஆதாரம் போதாது, வெளியே போனால் போதும். முடிவு முழுவதும் அந்த ஒரு வரியின் மேல் நின்றது. அதனால் அந்த வரி உண்மையா என்று பார்ப்பது என் கடமையாயிற்று.

அது உண்மையில்லை என்பதற்கான சான்று மாணவரின் களக்குறிப்பிலேயே இருந்தது. ஐந்தாம் இடத்தில் மிதவை ஐந்து முறை விடப்பட்டு, 44, 46, 45, 44, 46 நொடிகள் பதிவாகியிருந்தன. மிதவை ஓரத்துச் செடியில் சிக்கினாலோ, நேரங்காட்டியை அழுத்தத் தாமதமானாலோ எண்கள் இவ்வளவு நெருங்கி வாரா. இதைவிட உறுதியான சோதனை இன்னொன்று உண்டு. அகலத்தையும் ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கினால் ஒரு நொடியில் அந்தக் குறுக்குவெட்டைக் கடக்கும் நீரின் அளவு கிடைக்கும். இடையில் கிளையோடை சேராமலும் நீர் பிரியாமலும் இருந்தால், அடுத்தடுத்த இடங்களில் அந்த அளவு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். நான்காம் இடத்தில் அகலம் 3.2 மீட்டர், ஆழம் 0.25 மீட்டர், வேகம் 0.40, பெருக்கினால் நொடிக்கு 0.32 கன மீட்டர். ஐந்தாம் இடத்தில் அகலம் 4.8, ஆழம் 0.37, வேகம் 0.19, பெருக்கினால் 0.34. ஆறாம் இடத்தில் 3.5, 0.24, 0.42, பெருக்கினால் 0.35. நீர் எங்கும் தொலையவில்லை. ஓடை அங்கே அகன்று ஆழமாகியிருக்கிறது, ஆகவே மெதுவாகியிருக்கிறது. வேகத்தை அளந்ததில் பிழை இருந்திருந்தால் இந்த மூன்று எண்களும் இவ்வளவு இணக்கமாக வந்திருக்க முடியாது. மாணவரின் அளவீடு நன்றாகவே இருந்தது. தன் சொந்த அளவீட்டை அவரே பிழையென்று தள்ளிவிட்டார் என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

ஏன் மெதுவாகியது என்பதற்கு விடை வரைபடத்தில் இருந்தது. இரண்டாம் மதிப்பீட்டாளர் சொன்னது இதைத்தான். ஒவ்வோர் இடத்துக்கும் 1:500 அளவுத்திட்டத்தில் ஒரு கிடைப்படம் வரைந்து இணைக்க வேண்டும் என்பது விதி. ஐந்தாம் இடத்தின் படத்தில், அளவெடுத்த கோட்டிலிருந்து ஓட்டத்தின் திசையில் ஆறு சென்டிமீட்டர் தள்ளி, ஓடையின் குறுக்கே ஒரு தடுப்பணை தெளிவாக வரையப்பட்டிருந்தது. களத்தில் அது முப்பது மீட்டர். 1:50,000 நிலவரைபடத்தில் அந்த முப்பது மீட்டர் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, அணையும் இடமும் ஒரே புள்ளியாகிவிடும். பெரிய அளவுத்திட்டத்தில் வரையச் சொல்வதன் பயன் இதுதான். வடதிசை, அளவுகோல், குறியீட்டு விளக்கம், ஓட்டத்தின் திசை எல்லாம் சரியாக இருந்த அந்தப் படங்களுக்கு நான் தயங்காமல் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வில் மாணவரிடம், ஐந்தாம் இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "மற்ற இடங்களோடு ஒத்துப்போகவில்லை சார், அதனால் பிழையாகத்தான் இருக்கும்" என்றார். நான் கிடைப்படம் இருந்த பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "அணைக்கு மேலே தண்ணீர் தேங்கித்தான் நின்றது சார். அதற்கு முந்தின இடம் வரை அடியில் கூழாங்கல், இங்கே மட்டும் கால் சேற்றில் புதைந்தது" என்றார். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "பாடத்தில் படித்த மாதிரியோடு ஒத்துவராத எண் வந்தால் பிழை என்று எழுத வேண்டும் என்று நினைத்தேன் சார்" என்றார்.

அறிக்கையை எழுதியவர் அவர்தானா என்று உறுதி செய்துகொள்வதற்கே வாய்மொழித் தேர்வு. அதற்குத் தனி மதிப்பெண் இல்லை, அங்கே சொன்னதை அறிக்கையின் மதிப்பெண்ணில் சேர்க்கவும் கூடாது. நான் சேர்க்கவில்லை. பகுப்பாய்வுக்குப் பத்துக்கு நான்கும், முடிவுக்கு மூன்றும் கொடுத்தேன். முடிவுக்கான மூன்றை இரண்டாம் மதிப்பீட்டாளரும் ஏற்றார். பகுப்பாய்வுக்கு அவர் ஏழு கொடுத்திருந்தார்.

அவருடைய வாதத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் இடம் இயல்பான ஓடையின் பகுதி அன்று, அணையின் பின்தேக்கத்துக்குள் இருக்கிறது, எனவே அதை நீக்கியது சரியான செயல். மாணவர் சொன்ன காரணம் தவறு, செயல் தவறில்லை. நிலத்தில் கண்டதை அளவோடு தாளில் வைப்பதும் புவியியலில் ஒரு வகைப் பகுப்பாய்வே; அணையைக் காணாதவர் அதை வரைந்திருக்க முடியாது. வாக்கியமாக எழுதப்பட்டதை மட்டும்தான் சிந்தனை என்று கொள்வோம் என்றால் வரைபடத்தை அலங்காரமாக்கிவிடுகிறோம் என்றார். இந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தைத்தது. வரைபடங்களை அறிக்கையின் பின்னிணைப்பாக எண்ணும் வழக்கத்தை எதிர்த்து நானே பலமுறை பேசியிருக்கிறேன்.

நான் சொன்ன பதில் இது. எல்லா இடங்களுக்கும் கிடைப்படம் கட்டாயம் என்பதால், அணை அங்கே வரையப்பட்டிருப்பது அவர் அணையைக் கண்டார் என்பதைக் காட்டுகிறதே அன்றி, வேகத்தோடு அதைத் தொடர்புபடுத்தினார் என்பதைக் காட்டவில்லை. மேலும், காரணம் என்பது பிறகு சேர்த்துக்கொள்ளும் விளக்கமன்று. மனிதர் கட்டிய ஒன்று ஓட்டத்தை மாற்றியிருக்கிறது என்பதுதான் நீக்கக் காரணம் என்றால், அந்தக் காரணம் பொருந்தும் எல்லா இடங்களையும் நீக்க வேண்டும். ஏழாம் இடத்தின் கிடைப்படத்தை எடுத்துக்காட்டினேன். அங்கே ஒரு சிறு பாலத்தின் தூண்களுக்கிடையே ஓடை 2.6 மீட்டராகச் சுருங்குகிறது, வேகம் 0.45; எட்டு இடங்களிலும் மிக அதிகம். ஐந்தாம் இடம் போக வேண்டுமென்றால் ஏழாம் இடமும் போக வேண்டும். இரண்டையும் நீக்கி ஆறு இடங்களுக்குக் கணக்கிட்டால் 0.771 வருகிறது. முன்னதைவிடப் பெரிய எண்தான், ஆனால் ஆறு இடங்களுக்கு 0.829 தேவை. கருதுகோள் மறுபடியும் நிற்கவில்லை. தவறான காரணம் ஒரே ஓர் இடத்தை, அதுவும் விருப்பத்துக்கு எதிரான இடத்தை மட்டும் நீக்க இடம் கொடுத்தது. சரியான காரணத்தை எழுதியிருந்தால் அவர் வேறு முடிவுக்குப் போயிருக்க வேண்டும். ஆகவே செயல் சரி, காரணம்தான் தவறு என்று பிரிக்க முடியாது என்றேன்.

அவர் சிறிது யோசித்துவிட்டு, "இது நீங்கள் செய்த பகுப்பாய்வு. மாணவரிடம் இதை எதிர்பார்க்கலாமா?" என்றார். எதிர்பார்க்கலாம் என்றேன். அதில் எனக்கு முழு உறுதி இல்லை. பாலத்தை நானும் ஐந்தாம் இடத்தின் காரணம் தெரிந்த பிறகுதான் தேடிப் பார்த்தேன்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. ஆற்று ஆய்வாளர்களான லியோபோல்டும் மேடக்கும் 1953 இல் ஆறுகளின் அளவீடுகளைத் தொகுத்துக் காட்டிய உறவில், கீழ்நோக்கிச் செல்லும்போது கூடும் நீரைப் பெரும்பாலும் அகலமும் ஆழமும் ஏற்றுக்கொள்கின்றன. வேகத்தின் அடுக்கு சராசரியாக 0.1 மட்டுமே. நீரின் அளவு இரு மடங்கானாலும் வேகம் ஏழு விழுக்காடு அளவுக்கே கூடும் என்று பொருள். மிதவையால் அளக்கும்போது வரக்கூடிய தடுமாற்றமே அதற்கு ஈடாக இருக்கும். ஒரு சிற்றோடையின் எட்டு இடங்களில் அந்த மெல்லிய ஏற்றத்தை அணையும் பாலமும் வளைவும் மறைத்துவிடுவது இயல்பு. "இந்த ஓடையில் வேகத்தைத் தீர்மானிப்பவை உள்ளூர்க் காரணிகள், கருதுகோளுக்கு ஆதாரம் போதவில்லை" என்று எழுதியிருந்தால் நான் முடிவுக்கு ஒன்பது கொடுத்திருப்பேன். ஆனால், ஒத்துவராத எண்ணைப் பிழை என்று எழுத வேண்டும் என்று அவரை நினைக்கவைத்தது எது? மாதிரியைக் கற்பிக்கும்போது மேலேறும் ஒரே நேர்கோட்டை வரைந்து காட்டுவது நம் வழக்கம். அந்தக் கோடு எவ்வளவு பலவீனமானது என்று எந்த வகுப்பிலும் அழுத்திச் சொல்லப்பட்டதாக நான் அறியேன்.

இருவர் மதிப்பெண்ணும் இரண்டுக்கு மேல் வேறுபட்டதால் அறிக்கை மூன்றாமவருக்குப் போனது. அவர் பகுப்பாய்வுக்கு ஐந்து கொடுத்தார், குறிப்பு எதுவும் எழுதவில்லை. அதுவே இறுதியாயிற்று.

அதன்பின் களப்பணி வழிகாட்டியைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, தரவு அட்டவணையில் ஒரு கட்டத்தைச் சேர்த்தேன்: நீக்கிய இடம், நீக்கிய காரணம், அதே காரணம் பொருந்தும் பிற இடங்கள். வரைவைப் படித்த இரண்டாம் மதிப்பீட்டாளர் அந்தக் கட்டத்தை ஏற்கவில்லை. "தாளைப் பிரித்து மாணவர் முன்னால் வைத்தீர்களே, அதையே அச்சிட்டு எல்லாருக்கும் கொடுக்கிறீர்கள். தானாகத் தேடிக் கண்டவரையும், கட்டம் கேட்டதால் எழுதியவரையும் பிறகு எப்படிப் பிரித்து மதிப்பிடுவீர்கள்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் நல்ல அளவீடுகள் இன்னும் பிழையென்று தள்ளப்படும் என்று பதில் எழுதினேன். அவர் கேட்டதற்கு அது விடையன்று என்று தெரிந்தும், கட்டத்தை வரைவில் விட்டுவைத்திருக்கிறேன்.