கொலை வழக்கின் கட்டங்களை ஓட்டப்படமாக வரைவது: நாள் கணக்கு எங்கே தொடங்குகிறது?

குற்ற விசாரணைக் கட்டங்களைத் தேர்வில் படமாக வரையும்போது வரிசை பெரும்பாலும் சரியாகவே வந்துவிடும். மதிப்பெண் போவது காலவரம்பில். 60, 90 என்று எண் இருக்கும், ஆனால் எந்த நாளிலிருந்து என்பது இருக்காது. ஆகவே எண்ணைக் கட்டத்துக்குள் போடாமல், இரு கட்டங்களை இணைக்கும் அம்புக்குறியின் மேல் தொடக்க நாளோடு சேர்த்து எழுதிப் பழகினோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். படி, ஒரு கொலை வழக்கை வைத்துப் பார்க்கலாம்.

முதல் தகவல் அறிக்கை → கைது → ரிமாண்ட் → குற்றப்பத்திரிகை → செஷன்ஸுக்கு ஒப்படைப்பு → குற்றச்சாட்டு வனைதல் → சாட்சி விசாரணை → வாதம் → தீர்ப்பு

ஒருவரை 2024 ஜூலை 31 இரவு கைது செய்கிறார்கள் என்று கொள்வோம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆகஸ்ட் 1 அன்று ரிமாண்ட் ஆகிறது. கொலைக்கு மரணம் அல்லது ஆயுள் தண்டனை என்பதால் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப் பிரிவு 187 தரும் வரம்பு 90 நாள். அதைக் கைதான நாளிலிருந்து எண்ணுவதுதான் வழக்கமான பிழை. ரிமாண்ட் நாளிலிருந்தே எண்ண வேண்டும், அந்த நாளும் கணக்கில் சேரும். 2023-இல் கபில் வாதவான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆகஸ்டில் 31, செப்டம்பரில் 30, அக்டோபரில் 29. ஆக 90-ஆம் நாள் அக்டோபர் 29. அன்றும் குற்றப்பத்திரிகை வராவிட்டால் மறுநாள் கட்டாய ஜாமீன் உரிமை பிறக்கிறது. ஆனால் மனு போடாமல் காத்திருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். படத்தில் இங்கே ஒரு கிளை பிரிய வேண்டும். அதை விட்டுவிட்டால் இந்தக் கட்டத்தின் உயிரே போய்விடும்.

அடுத்த அம்புகள் எளியவை. வழக்கைக் கோப்புக்கு எடுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் ஒப்படைப்பு. காரணத்தைப் பதிவுசெய்து 180 வரை நீட்டலாம். ஒப்படைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விடுவிப்பு மனு போடலாம். குற்றச்சாட்டு வனைய 60 நாள், ஆனால் இது குற்றச்சாட்டு பற்றிய முதல் விசாரணை நாளிலிருந்து. இரண்டும் 60 என்பதால் ஒரே அம்பில் போட்டுவிடுகிறார்கள். தொடக்கம் வேறு என்பதால் இரண்டு அம்புகள் வேண்டும். வாதம் முடிந்து 30 நாளில் தீர்ப்பு, காரணம் எழுதினால் 45.

சொற்களில் இரண்டு இணைகள் குழப்பும். குற்றப்பத்திரிகை என்பது போலீஸ் தாக்கல் செய்வது. குற்றச்சாட்டு நீதிமன்றம் வனைவது. விடுவிப்பு குற்றச்சாட்டு வனைவதற்கு முன், போதிய முகாந்திரம் இல்லை என்று வெளியே விடுவது. விடுதலை விசாரணை தொடங்கியபின், குற்றவாளி அல்ல என்று தீர்ப்பது. விடுவிக்கப்பட்டவர் மீது புதிய சான்று கிடைத்தால் மறுபடி வழக்கு வரலாம். விடுதலையானவரை, அந்தத் தீர்ப்பு நிலைத்திருக்கும் வரை, அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. அதனால் விடுவிப்பு அம்பை ஒப்படைப்புக்கும் வனைதலுக்கும் நடுவிலும், விடுதலை அம்பைச் சாட்சி விசாரணைக்குப் பின்னும் வெளியே இழுக்க வேண்டும்.