கல்லடித் தேநீர்க் கடை: கணக்குக் கொப்பியிலிருந்து

நவம்பர் 6, வியாழன்

கடை திறந்து எட்டு மாதம். கல்லாவில் காசு புரளுகிறது, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற சித்தப்பா இன்று கொப்பியை வாங்கிப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை விற்றால் உனக்கு நட்டமில்லை என்று தெரியுமா மகன்?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அதைத்தான் சமப்பாட்டுப் புள்ளி என்கிறார்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் போகிற செலவை ஒரு பக்கம் எழுத வேண்டும். கோப்பைக்குக் கோப்பை ஏறுகிற செலவை மறுபக்கம் எழுதி, விலையிலிருந்து கழிக்க வேண்டும். அந்த மிச்சத்தால் முதல் பக்கத்தை வகுத்தால் கோப்பைக் கணக்கு வந்துவிடும்.

கோப்பைச் செலவு முதலில். 1,100 ரூபாய்ப் பால்மாப் பக்கற்றில் 22 கோப்பை வருகிறது, ஆக கோப்பைக்கு 50 ரூபாய். தேயிலை 4, சீனி 3. நூறு ரூபாய்ப் பால் தேநீரில் 43 மிஞ்சுகிறது. பிளேன்டீ 40 ரூபாய். பால்மா இல்லாததால் அதில் 33 மிஞ்சுகிறது. பிளேன்டீ கேட்பவர்களைப் பார்த்து மனதுக்குள் முகம் சுளித்த நாட்களை நினைத்துக்கொண்டேன்.

நிலையான செலவு நாளொன்றுக்கு: வாடகை 13,000 ரூபாய், மாதத்தில் 26 நாள் திறப்பதால் 500. உதவிக்கு நிற்கும் தம்பிக்கு 1,500. மின்சாரமும் தண்ணீரும் 150. உடையும் கோப்பை, சவர்க்காரம் 30.

"உன் கூலி எங்கே?" என்றார் சித்தப்பா. நான் எழுதியிருக்கவில்லை. 2,000 என்று அவரே எழுதினார். எட்டு மாதமாக நான் சம்பளமில்லாத ஆள் என்பது அப்போதுதான் விளங்கியது.

காஸை எந்தப் பக்கம் எழுதுவது என்பதில்தான் இருவரும் முட்டிக்கொண்டோம். தேநீர் போட்டால்தானே காஸ் போகும் என்பது என் கட்சி. கேத்தல் காலை ஐந்து மணியிலிருந்து அடுப்பை விட்டு இறங்குவதில்லையே என்பது அவர் கட்சி.

நவம்பர் 9, ஞாயிறு

நிறுத்துப் பார்த்துவிட்டேன். நேற்றுக் காலை சிலிண்டரைப் பக்கத்து அரிசிக் கடைத் தராசில் ஏற்றியபோது 24.8 கிலோ. இரவு 23.2. கடற்கரைக்குப் போகிறவர்கள் நிறைந்த நாள், 210 கோப்பை. இன்று அலுவலகங்கள் இல்லை, 90 கோப்பைதான். இரவு தராசு 21.9 காட்டியது.

நேற்று 1.6 கிலோ, இன்று 1.3. கோப்பை 120 குறைந்தும் காஸ் 300 கிராம்தான் குறைந்திருக்கிறது. அப்படியானால் ஒரு கோப்பைக்கு இரண்டரைக் கிராம். 12.5 கிலோ சிலிண்டர் 3,700 ரூபாய் என்றால் அது ஒரு ரூபாய்கூட இல்லை. மீதி ஒரு கிலோவுக்கு மேல், ஏறத்தாழ 320 ரூபாய், வெறும் கேத்தலைச் சூடாக வைத்திருக்கவே எரிகிறது. இரண்டே நாள் அளவு என்பதால் முன்பின் இருக்கலாம். ஆனாலும் சித்தப்பா கட்சிதான் வென்றது.

நவம்பர் 10, திங்கள்

காஸுக்குக் கோப்பைக்கு ஒரு ரூபாய் கழித்தால் பால் தேநீரில் 42, பிளேன்டீயில் 32. என் கடையில் பத்துக்கு ஆறு பிளேன்டீ. ஆறு முப்பத்திரண்டும் நாலு நாற்பத்திரண்டும் சேர்ந்தால் 360. கோப்பைக்குச் சராசரி 36.

நிலையான செலவு, 320 ரூபாய்க் காஸும் சேர்ந்து, 4,500. அதை 36 ஆல் வகுத்தால் 125 கோப்பை. பால் தேநீரை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தால் 108 என்று வந்திருக்கும். நானும் 110 விற்ற நாளில் சந்தோஷமாகப் பூட்டியிருப்பேன். என் கூலியை விட்டுவிட்டால் 70 போதும். இத்தனை நாள் கடை ஓடிய இரகசியம் அந்த 70தான்.

காஸ் முழுவதையும் கோப்பைச் செலவாக எழுதியிருந்தாலும் 123 வந்திருக்கும். இரண்டு கோப்பைக்காகவா சிலிண்டரைத் தூக்கி அலைந்தாய் என்று மனைவி சிரித்தாள்.

நவம்பர் 17, திங்கள்

விடியற்காலை தொடங்கிய மழை. நண்பகல் வரை 41 கோப்பை. வாவிப் பக்கக் காற்று மழையை மேசைவரை அடித்தது. "பூட்டுவோமா அண்ணன்?" என்று தம்பி சாக்கை மடித்தபடி கேட்டான். 125ஐ எட்டப்போவதில்லை என்பது உறுதி.

சாவியை எடுத்த பிறகுதான் சிலிண்டர் நினைவுக்கு வந்தது. பூட்டினால் எது மிச்சம்? வாடகை போனது போனதுதான். தம்பியின் நாட்கூலியும் அப்படியே. நிற்பது காஸ் ஒன்றுதான்: பதினான்கு மணி நேரத்துக்கு 320 என்றால் மணிக்கு 23 ரூபாய். ஒரு பிளேன்டீயில் 32 மிஞ்சுகிறது. மணிக்கு ஒருவர் வந்தாலே திறந்திருப்பது மேல். என் உடம்பு அலுப்புக்கு மட்டும் இதில் விலை போடவில்லை.

சாவியைத் திரும்பத் தொங்கவிட்டேன். மூன்று மணிக்குமேல் நனைந்த ஆட்டோக்காரர்கள் வரிசையாக ஒதுங்கினார்கள். இரவு எண்ணியபோது மொத்தம் 95. முப்பத்தாறால் பெருக்கினால் 3,420. நாள் கணக்கில் 1,080 ரூபாய் குறைவு. நண்பகலில் பூட்டியிருந்தால் அந்தக் குறைவு 2,800ஐத் தாண்டியிருக்கும்.