300-லிருந்து 400 வரை: டார்கெட் ரோஆஸைப் படிப்படியாக ஏற்றிய கணக்கு

கூகுள் ஆட்ஸில் டார்கெட் ரோஆஸ் என்பது விளம்பரச் செலவைப் போல் எத்தனை மடங்கு விற்பனை வர வேண்டும் என்று நாம் வைக்கும் இலக்கு. 300% என்றால் ஒரு ரூபாய் செலவுக்கு மூன்று ரூபாய் விற்பனை. அது 300% என்றிருக்கும் கணக்கை 500-க்குக் கொண்டுபோகச் சொன்னால், அந்தக் கட்டத்தில் 500 என்று அடித்து சேவ் செய்துவிடத்தான் கை போகும். அப்படிச் செய்த நான்கைந்து நாளில் ரோஆஸ் அருமையாக ஏறியிருக்கும். ஆர்டர் பாதிக்கும் கீழே போயிருக்கும். இது ஏன் நடக்கிறது, நடக்காமல் எப்படி ஏற்றுவது என்பதை, பெட்ஷீட்டும் துண்டும் விற்கும் ஒரு ஆன்லைன் கடையின் ஷாப்பிங் கேம்பெயினை வைத்துச் சொல்கிறோம். தொகைகளை ஒரு மாதக் கணக்குக்கு மாற்றி, முழு எண்ணாக்கிக் கொடுத்திருக்கிறோம்.

முதலில் அந்த எண் உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஒவ்வொரு தேடலிலும் விளம்பர இடத்துக்கு ஒரு ஏலம் நடக்கிறது. தானியங்கி பிட்டிங் ஒவ்வொரு தேடலுக்கும் தனித்தனியாக பிட், அதாவது ஒரு கிளிக்குக்குக் கொடுக்கத் தயாரான விலை, போடுகிறது. அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான்:

```
பிட் = வாங்கும் வாய்ப்பு × எதிர்பார்க்கும் விற்பனைத் தொகை ÷ டார்கெட் ரோஆஸ்
```

ஒரு கிளிக்கில் வாங்கும் வாய்ப்பு 2%, வாங்கினால் 1,500 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளிக்கின் மதிப்பு 30 ரூபாய். டார்கெட் 300% என்றால் பிட் 10 ரூபாய். 330% என்றால் சுமார் 9 ரூபாய். 500% என்றால் 6 ரூபாய். ஆக, டார்கெட்டை ஏற்றுவது என்றால் எல்லா ஏலத்திலும் ஒரே நேரத்தில் பிட்டைக் குறைப்பது. விற்பனையை மேம்படுத்தும் வேலை எதுவும் அதற்குள் இல்லை.

பிட் 10-லிருந்து 9 ஆனால் சில ஏலங்கள் கைவிட்டுப் போகும். 6 ஆனால் 'டபுள் பெட்ஷீட் காட்டன்' மாதிரிப் பொதுத் தேடல்களில் போட்டிக் கடைகள் மேலே நிற்க, நம் விளம்பரம் தெரியவே தெரியாது. மிஞ்சுவது கடையின் பெயரையே தேடுபவர்களும், ஏற்கெனவே வந்துபோன வாடிக்கையாளர்களும். அவர்களில் பலர் விளம்பரம் இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பார்கள். ரோஆஸ் பளபளப்பாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஆர்டர் குறையக் குறைய, எந்தத் தேடலில் யார் வாங்குவார்கள் என்று கணிக்க சிஸ்டத்துக்குக் கிடைக்கும் தரவும் மெலிகிறது. புதிய வாடிக்கையாளர் பக்கம் அது போவதே இல்லை, அதனால் அவர்களைப் பற்றிக் கற்றுக்கொள்வதும் இல்லை. பட்டினி என்று நாங்கள் சொல்வது இந்த நிலையை.

படி ஏறுவதற்கு முன் இரண்டு எண் கையில் வேண்டும். ஒன்று, நஷ்டமில்லாத ரோஆஸ். இந்தக் கடையில் துணி விலை, பேக்கிங், கூரியர், திரும்பி வரும் பார்சல் எல்லாம் போக 100 ரூபாய் விற்பனையில் 40 ரூபாய் நின்றது. 100-ஐ 40-ஆல் வகுத்தால் 2.5, அதாவது 250%. அதற்குக் கீழே போன ஒவ்வொரு விளம்பர ரூபாயும் கைநஷ்டம். இங்கே ஒரு எச்சரிக்கை: இணையதளம் கூகுளுக்கு அனுப்பும் விற்பனைத் தொகையில் ஜிஎஸ்டியும் டெலிவரி கட்டணமும் சேர்ந்திருந்தால் ரோஆஸ் பொய்யாகத் தூக்கிக் காட்டும். கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் திருப்பி அனுப்பியவையும் விற்பனையாகவே நிற்கும். இவற்றைச் சரிசெய்யாமல் டார்கெட்டைத் தொடுவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது எண், கிளிக்குக்கும் ஆர்டருக்கும் இடையிலான நாள். இந்தக் கடையில் பெரும்பாலான ஆர்டர் கிளிக் நடந்து ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். கூகுள் ஆட்ஸ் விற்பனையைக் கிளிக் நடந்த தேதியில்தான் சேர்க்கும். அதனால் கடைசி ஒரு வாரத்து ரோஆஸ் எப்போதுமே இளைத்துத்தான் தெரியும். இது தெரியாமல் பதறி, மாற்றிய மூன்றாம் நாளே டார்கெட்டை மறுபடி மாற்றுபவர்கள் நிறையப் பேர். ஆர்டர் வந்த நாளை வைத்துப் பார்க்க `Conv. value (by conv. time)` என்ற பத்தி இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதைச் சேர்த்துப் பாருங்கள்.

தொடங்கும்போது டார்கெட் 300%, நடப்பில் வந்தது 320%. கேம்பெயின் நிலையில் `Limited by budget` என்று இருந்தது. பட்ஜெட் முட்டிக்கொண்டிருக்கும் கேம்பெயினில் முதல் படி ஏமாற்றும். 330% ஆக்கியதும் ஒரு கிளிக்கின் விலை கொஞ்சம் குறைந்தது. அதே பணத்தில் கூடுதல் கிளிக் வந்தது. செலவு ஏறத்தாழ அப்படியே இருக்க, விற்பனை கூடியது. இதைப் பார்த்துவிட்டு 'ஏற்றினாலும் ஒன்றும் ஆகவில்லையே' என்று அடுத்து 450-க்குத் தாவுகிற இடம்தான் ஆபத்து. பட்ஜெட் முட்டாத நிலை வந்தபிறகுதான் டார்கெட் நிஜமாகக் கடிக்கத் தொடங்கும்.

ஒவ்வொரு படியும் இருந்த டார்கெட்டில் ஏறத்தாழ 10% என்று வைத்துக்கொண்டோம்: 300, 330, 365, 400, 440. மாற்றிய முதல் வாரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. பிட்டிங் புது நிலைக்கு வரும் நேரம் அது. அதற்கடுத்த இரண்டு வாரத்தை அளந்து, அந்தக் கிளிக்குகளின் ஆர்டர் வந்து சேர இன்னொரு வாரம் விட்டு, அதன் பிறகே முடிவு. ஒரு படிக்கு ஒரு மாதம் ஆகிறது. அந்த மாதத்தில் வேறு எதையும் தொடக்கூடாது. பட்ஜெட், விலை, புதிய பொருள் வரிசை எதை மாற்றினாலும், விளைவு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

| டார்கெட் | செலவு (ரூ.) | விற்பனை (ரூ.) | கையில் நின்றது (ரூ.) |
|---|---|---|---|
| 300% | 3,00,000 | 9,60,000 | 84,000 |
| 330% | 2,95,000 | 10,00,000 | 1,05,000 |
| 365% | 2,60,000 | 9,60,000 | 1,24,000 |
| 400% | 2,20,000 | 8,80,000 | 1,32,000 |
| 440% | 1,75,000 | 7,60,000 | 1,29,000 |

கடைசிப் பத்தி, விற்பனையில் 40% எடுத்து விளம்பரச் செலவைக் கழித்தது. ஆனால் ஒவ்வொரு படியிலும் நாங்கள் உண்மையில் பார்ப்பது வேறொரு கணக்கு: இந்தப் படியில் வெட்டிய பணம் எவ்வளவு விற்பனையைக் கொண்டுவந்துகொண்டிருந்தது? 365-லிருந்து 400-க்குப் போனபோது செலவு 40,000 குறைந்தது, விற்பனை 80,000 குறைந்தது. அதாவது வெட்டிய பணம் 200% மட்டுமே ஈட்டிக்கொண்டிருந்தது. 250-க்குக் கீழே என்பதால் வெட்டியது சரி. 400-லிருந்து 440-க்குப் போனபோது 45,000 ரூபாய் செலவோடு 1,20,000 ரூபாய் விற்பனை போனது, சுமார் 267%. லாபம் தந்துகொண்டிருந்த பணத்தையே வெட்டத் தொடங்கிவிட்டோம் என்று அர்த்தம். ரோஆஸ் பத்தியை மட்டும் பார்த்தால் 434% என்று முன்னைவிட அழகாகத்தான் இருந்தது.

அளக்கும் வாரங்களில் தினமும் பார்க்கத் தகுந்தவை இரண்டே. `Search lost IS (rank)` என்பது பிட்டோ விளம்பரத்தின் தரமோ போதாமல் எத்தனை இடத்தில் விளம்பரம் காட்டப்படாமல் போனது என்பதன் விகிதம். படிக்குப் படி அது கொஞ்சம் ஏறும், ஏறத்தான் வேண்டும். ஒரே படியில் குபீரென்று ஏறினால், போட்டிக் கடைகள் நிற்கும் விலைக்குக் கீழே நம் பிட் இறங்கிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். இன்னொன்று, தேடல் சொற்களின் அறிக்கை. மொத்த ஆர்டரில் கடைப் பெயரைத் தேடி வந்தவை எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். 440-ல் அந்தப் பங்கு பளிச்சென்று கூடியிருந்தது. முடிந்தால் கடைப் பெயர்த் தேடல்களைத் தனிக் கேம்பெயினுக்கு ஒதுக்கிவிடுவது இன்னும் நல்லது. இல்லையென்றால் அவை உள்ளே இருந்துகொண்டு ரோஆஸைத் தூக்கிப் பிடித்து, பட்டினியை மறைத்துக்கொண்டே இருக்கும்.

மாதத்துக்கு 30 ஆர்டர் வரும் சின்னக் கணக்கில் இந்த முறை அப்படியே செல்லாது. 30 என்ற எண் தற்செயலாகவே 25 ஆகவோ 35 ஆகவோ மாறும். ஒரு பத்து சதவீதப் படியின் விளைவு அந்த ஆட்டத்துக்குள் மூழ்கிவிடும். அங்கே ஒரே லாப விகிதம் உள்ள கேம்பெயின்களை ஒரு போர்ட்ஃபோலியோ ஸ்ட்ராட்டஜியில் சேர்த்து ஆர்டர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். அதுவும் வழியில்லை என்றால், படியைப் பெரிதாக்கும் ஆசையை அடக்கி, அளக்கும் காலத்தை இரண்டு மாதமாக நீட்டுவதே மேல்.

ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்தில் படி ஏறவே வேண்டாம். அப்போது வாங்கும் வேகமே மாறிப்போகிறது. அந்த நேரத்தில் வரும் கூடுதல் விற்பனை டார்கெட்டால் வந்ததா, பண்டிகையால் வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. அதைவிட மோசம், தீபாவளி விற்பனையை வைத்து ஏற்றிய டார்கெட், பண்டிகை முடிந்த வாரத்தில் கழுத்தை நெரிக்கும்.

440-லிருந்து திரும்பியபோது 420 என்று பாதிவழியில் நிற்காமல், நன்றாக ஓடியதாக அளந்து தெரிந்திருந்த 400-க்கே ஒரே நாளில் இறக்கினோம். இறங்கும்போது 10% விதி அவசியமில்லை, ஆனால் அடித்தளமான 300-க்கு விழவும் கூடாது. விழுந்தால் வாங்காத கிளிக்கெல்லாம் மறுபடி உள்ளே வரும், படிகளை மறுபடி ஏற வேண்டியிருக்கும். விற்பனை உடனே திரும்பாது. கிளிக் முதலில் வரும், ஆர்டர் ஒரு வாரம் பின்தங்கி வரும். கடைக்காரர் இன்னும் 500 கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டார்கெட்டை 400-ல் விட்டுவிட்டு, ஆர்டர் தொகையை உயர்த்த பெட்ஷீட்டோடு தலையணை உறை சேர்ந்த செட்டுகளை, கூகுளுக்கு அனுப்பும் பொருள் பட்டியலான ஃபீடில் ஏற்றச் சொன்னோம். 1,500 ரூபாய் ஆர்டர் 1,800 ஆனால், வாங்கும் வாய்ப்பு அதே 2% ஆக இருக்கும்வரை, 400% டார்கெட்டில் பிட் ஏழரை ரூபாயிலிருந்து 9 ரூபாயாகும்.