தடுப்பூசி போட்டாச்சு என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்: டர்பனில் தெருநாய் கடித்தபோது

"ஊசி போட்டாச்சு, வீட்டுக்குப் போகலாம்" என்று எங்கள் பகுதி கிளினிக்கில் சொன்ன அந்த வார்த்தையை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. என் மகளுக்கு ஒன்பது வயது. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரு தெருநாய் அவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. ஆழமான பல் தடம் இரண்டு, பக்கத்தில் தோல் கிழிந்து ஓர் இடம். மூன்றிலிருந்தும் ரத்தம். இப்படிப்பட்ட காயத்துக்கு ரேபிஸ் தடுப்பூசி பாதி வைத்தியம்தான். மீதிப் பாதியை நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கழுவுவதைச் சொல்லிவிடுகிறேன். அது வீட்டிலேயே, நம் கையிலேயே இருக்கிற வேலை. ரேபிஸ் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. காயத்துக்குள் போனவுடனே அது நரம்பைப் பிடித்துவிடுவதில்லை, கொஞ்ச நேரம் அந்தச் சதையிலேயே கிடக்கிறது. அதன் மேலுறை கொழுப்பால் ஆனது என்பதால் சாதாரண சோப்பே அதைச் சிதைத்துவிடும். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். வலியில் குழந்தை கத்தும்போது மூன்று நிமிடமே அரை மணி நேரம் மாதிரி இருக்கும், அதனால் மணி பார்த்துக் கழுவுங்கள். ஆழமான பல் தடத்தின் வாயை லேசாக விரித்துத் தண்ணீர் உள்ளே போகும்படி செய்ய வேண்டும், மேலாகத் தடவிவிட்டால் போதாது. அப்புறம் பொவிடோன் அயோடின் இருந்தால் ஊற்றலாம்.

நான் கழுவிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு ஆன்ட்டி மஞ்சள்தூளோடு வந்துவிட்டார். போனில் ஊரிலிருந்து அம்மா, "மிளகாய்த்தூள வச்சுக் கட்டுடி, விஷம் இறங்கிடும்" என்கிறார். இரண்டு பேருக்கும் பதற்றம், பாசம், தப்பு சொல்ல முடியாது. ஆனால் மிளகாய், மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவுமே வேண்டாம். காயத்தைப் புண்ணாக்கி, கிருமியை இன்னும் உள்ளே தள்ளத்தான் அவை உதவும். இறுக்கிக் கட்டவும் கூடாது.

கிளினிக்கில் முதல் ஊசி சீக்கிரமே போட்டுவிட்டார்கள், மேல் கையில். அதில் குறை இல்லை. இதைப் புட்டத்தில் போடவே கூடாது, அங்கே கொழுப்பு அதிகம் என்பதால் மருந்து சரியாக வேலை செய்யாது. சின்னக் குழந்தைகள் என்றால் தொடையில் போடுவார்கள். டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த "வீட்டுக்குப் போகலாம்".

நான் கேட்டேன், "சிஸ்டர், இம்யூனோகுளோபுலின் போடவில்லையே?" முகத்தில் கடித்தால்தான் அது தேவை என்றார். அது சரியில்லை. தோல் கிழிந்து ரத்தம் வந்தாலே, உடம்பின் எந்த இடமாக இருந்தாலும், மூன்றாம் வகைக் காயம். புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ நாயின் எச்சில் பட்டாலும் அப்படித்தான். ரத்தம் வராத லேசான பிராண்டல் இரண்டாம் வகை, அதற்குத் தடுப்பூசி மட்டும் போதும். மூன்றாம் வகைக்கு இரண்டுமே வேண்டும். காரணம் எளிது. தடுப்பூசி உடம்பைப் பழக்கி எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்க வைக்கிறது, அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இம்யூனோகுளோபுலின் என்பது தயாராக இருக்கிற எதிர்ப்புப் பொருள். காயத்துக்குள்ளேயே ஏற்றும்போது, உடம்பு தயாராகும்வரை அந்த இடைவெளியை அது காக்கிறது. இந்த நோய் அறிகுறி காட்டிவிட்டால் காப்பாற்ற வழி கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படி இருக்க அந்த இடைவெளியை எப்படித் திறந்து விட்டுவிட்டுப் போக முடியும்?

நான் நகராததால் இன்னொரு சிஸ்டர் வந்து, "எங்களிடம் அந்த மருந்து இல்லை" என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். மருந்து இல்லாதது வேறு, தேவையில்லை என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிச் சொன்னால் விவரம் தெரியாதவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார்கள். அந்தக் கடிதத்தில் மூன்றாம் வகை என்ற சொல், முதல் ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், பேட்ச் எண் எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். எங்களுடையதில் "நாய்க்கடி, ஊசி போடப்பட்டது" என்று மட்டும் இருந்தது. திருப்பிக் கொடுத்து எழுத வைத்தேன்.

ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி கவுன்டரில் இருந்தவர் கிளினிக்கில் தந்த தடுப்பூசி கார்டைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே ஊசி போட்டிருக்கிறார்களே, எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டார். மூன்றாம் வகை என்று எழுத வைத்தது அப்போது உதவியது. அந்தச் சொல்லைக் காட்டியதும் உள்ளே அனுப்பிவிட்டார்.

இளம் டாக்டர் ஒருவர் பொறுமையாகப் பார்த்தார். இந்த மருந்துக்கு எடைதான் கணக்கு, ஒரு கிலோவுக்கு 20 யூனிட். நர்ஸ் கண்ணாலேயே மதிப்பிட்டு எழுதப் போனார். எடை மேடையில் நிறுத்தச் சொன்னேன், சரியாக 30 கிலோ இருந்தாள். 600 யூனிட். குப்பியில் ஒரு மில்லிக்கு 150 யூனிட் என்று போட்டிருந்தது, ஆக 4 மில்லி. இதைத் தாண்டி ஏற்றினால் தடுப்பூசியின் வேலையையே அது மட்டுப்படுத்திவிடும், குறைத்தால் காவல் குறையும். அதனால்தான் எடை சரியாக இருக்க வேண்டும்.

மருந்தை ஏற்றிக்கொண்டு நர்ஸ் தொடைப் பக்கம் போனபோது எனக்குத் திக்கென்றது. "காயத்துக்குள் போட வேண்டியதில்லையா?" என்று டாக்டரிடம் கேட்டேன். ஆமாம், காயத்துக்குள்ளும் சுற்றியும்தான் என்று அவரே ஊசியை வாங்கிக்கொண்டார். கெண்டைக்காலில் சதை இருந்ததால் 4 மில்லியும் அந்த மூன்று இடத்துக்குள்ளேயே போய்விட்டது. விரலில் கடித்திருந்தால் இவ்வளவு இடம் இருக்காது, கொள்கிற அளவுதான் மெதுவாக ஏற்ற முடியும். பல இடத்தில் கடித்து மருந்து போதாவிட்டால் உப்புநீர் கலந்து அளவைக் கூட்டி எல்லாக் காயத்துக்கும் பிரிப்பார்களாம். என் பொண்ணு அலறிய அலறலில் வீட்டுக்காரர் அறைக்கு வெளியே போய்விட்டார். வலிக்கத்தான் செய்யும், அதற்காக "வேறு இடத்தில் போடுங்கள்" என்று மட்டும் கெஞ்சாதீர்கள்.

கிழிந்த இடத்தை டாக்டர் தைக்கவில்லை. திறந்தே விட்டு, லேசாக மூடி, ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். நாய்க்கடியைத் தைத்தால் கிருமி உள்ளே ஆழமாகப் போகும், சீழும் பிடிக்கும். முகம் மாதிரி இடத்தில் தைத்தே ஆக வேண்டுமென்றால், இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிறகு தளர்வாகத் தைப்பார்கள்.

ஒரு ஆறுதலான விஷயமும் உண்டு. முதல் நாள் இந்த மருந்து கிடைக்காவிட்டால், முதல் தடுப்பூசி போட்டதிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம், அதற்குள் உடம்பே தயாரிக்க ஆரம்பித்திருக்கும். மருந்து வரட்டும் என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதும் கூடாது.

அடுத்து தேதிக் கணக்கு. இங்கே நான்கு ஊசி: 0, 3, 7, 14 ஆம் நாள். முதல் ஊசி போட்ட நாள்தான் பூஜ்யம், கடித்த நாள் அல்ல. நாங்கள் திங்கட்கிழமை போட்டோம். அப்படியென்றால் அடுத்தது வியாழன், அப்புறம் அடுத்த திங்கள், அதற்கடுத்த திங்கள். எங்கள் கார்டில் திங்களை ஒன்று என்று எண்ணி, இரண்டாம் ஊசிக்குப் புதன்கிழமை என்று எழுதியிருந்தார்கள். காலண்டரைக் காட்டித் திருத்தினோம். ஏதாவது ஒரு தேதி ஞாயிறோ விடுமுறையோ வந்தால் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் போடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒரு நாள் இரண்டு நாள் தவறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மருந்தின் பிராண்டு மாறினாலும் பாதகமில்லை.

"நம்ம ஊர்ல அஞ்சு ஊசியாச்சே, அங்க ஏன் நாலு?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். தசையில் போடும் பழைய முறையில் 28 ஆம் நாள் ஐந்தாவது ஊசி உண்டு. ஆரோக்கியமான உடம்புக்கு நான்கே போதும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டுவிட்டது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் இங்கேயும் ஐந்தாவது போடுகிறார்கள். எச்ஐவி, புற்றுநோய் சிகிச்சை, நீண்ட நாள் ஸ்டீராய்டு என்று எது இருந்தாலும் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

நாயைப் பற்றி ஒரு பேச்சு. அது அன்றே காணாமல் போய்விட்டது, கிடைக்கவே இல்லை. அதனால் நான்கு ஊசியும் கட்டாயம் ஆனது. "நாய் நல்லாத்தான் இருந்துச்சு, பத்து நாள் பாக்கலாமே" என்று தெருவில் சிலர் சொன்னார்கள். பத்து நாள் பார்க்கலாம்தான், ஊசியைத் தொடங்கிவிட்டு. நாயைக் கட்டிவைத்து, அது பத்து நாளும் நன்றாக இருந்தால் மீதி ஊசியை டாக்டர் நிறுத்துவார். டர்பன் இருக்கும் இந்த க்வாசுலு-நடால் மாகாணத்தில் நாய்களிடையே ரேபிஸ் இருக்கிறது, 2021 இல் டர்பன் பக்கமே நன்றாகப் பரவியது. கடித்த தெருநாயை அரசு கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். செத்துக் கிடந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், புதைத்துவிடவும் வேண்டாம். சோதனைக்கு மூளைதான் தேவைப்படும், அதனால் தலை சிதையாமல் இருக்க வேண்டும்.

நான்காவது ஊசியும் முடிந்துவிட்டது, காயமும் ஆறிவிட்டது. கார்டைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கிறேன், போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறேன். இனி எப்போதாவது அவளை நாய் கடித்தால் கழுவிவிட்டு 0, 3 ஆம் நாள் என்று இரண்டு ஊசி போட்டால் போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. ஆனால் முன்பு முழுசாகப் போட்டதற்கு அந்தக் கார்டுதான் சாட்சி. அது இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போடச் சொல்வார்கள்.