தாமதத்துக்குக் காரணம் புயல்

“சார், லாரி கிளம்பாததுக்குத்தான் புயல் காரணம். லேட் ஆனதுக்கு அது மட்டும் இல்லையே” என்று என்னோடு வேலை பார்க்கும் அந்தப் பெண் சொன்னபோது நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கிராமர்படி இதுதாம்மா சரி” என்று சொல்லிவிட்டு, சரக்கு தாமதமானதற்கு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அவர் எழுதிய விளக்க மெயிலைத் திருத்தி அனுப்பினேன். 2024 டிசம்பர் முதல் வாரம் அது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சேதராப்பட்டில் எங்கள் கிடங்கு வாசலில் சேறு இன்னும் காயவில்லை.

அவர் எழுதிக் கொண்டுவந்தது இது:

```
Since the labels were changed, the cartons were held for checking.
Due to the cyclone, the truck could not leave on 30 November.
So we request you to accept the revised date.
```

நான் அனுப்பியது இது:

```
The delay was due to the cyclone.
Hence we request you to accept the revised date.
```

நான் செய்த திருத்தத்துக்குப் பின்னால் ஒரு விதி உண்டு. அதை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘டியூ’ என்பது பெயரடை. அதற்கு ஒட்டிக்கொள்ள ஒரு பெயர்ச்சொல் வேண்டும். ‘பிகாஸ் ஆஃப்’ வினையோடு போவது. சோதிக்க எளிய வழி, ‘டியூ டு’ இருக்கும் இடத்தில் ‘காஸ்டு பை’ என்று போட்டுப் பார்ப்பது. பொருந்தினால் ‘டியூ டு’ சரி, பொருந்தாவிட்டால் ‘பிகாஸ் ஆஃப்’. அந்தப் பெண்ணின் இரண்டாவது வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள், ‘புயலால் உண்டாக்கப்பட்ட’ என்பது அந்தரத்தில் நிற்கும். எது உண்டாக்கப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஒரு பெயர்ச்சொல் இல்லை. ‘கிளம்ப முடியவில்லை’ என்ற வினைதான் இருக்கிறது.

தமிழில் யோசித்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். ‘புயலால் லாரி கிளம்பவில்லை’ என்பது ‘பிகாஸ் ஆஃப்’. ‘தாமதத்துக்குக் காரணம் புயல்’ என்பது ‘டியூ டு’. நாம் பேசும்போது ‘ஆல்’ போட்டுக் காரணத்தை முதலில் சொல்லி, வினையைக் கடைசியில் வைத்தே பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் ஆங்கில மெயிலையும் ‘டியூ டு’ என்று தொடங்கிவிடுகிறோம். இதைப் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஃபவுலர் 1926-இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியில் இந்தப் பயன்பாட்டைக் கண்டித்தார். இன்றைய அகராதிகள் பல அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனாலும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகிற விளக்கத்தில் பழைய விதிப்படி இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

ஆக விதி சரிதான். நான் அதை வைத்து என்ன செய்தேன் என்பதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

அந்தப் பெண்ணின் வாக்கியத்தைச் சரிசெய்ய ஒரே ஒரு மாற்றம் போதும். ‘டியூ டு’வை எடுத்துவிட்டு ‘பிகாஸ் ஆஃப்’ போட்டிருந்தால் முடிந்தது. நானோ ‘டியூ டு’வை வைத்துக்கொண்டு, அதற்கு ஒட்ட ஒரு பெயர்ச்சொல் தேடினேன். ‘தி டிலே’ கைக்கு அகப்பட்டது. அது அகப்பட்டதும் அர்த்தமே மாறிவிட்டது. 30ஆம் தேதி லாரி கிளம்பாதது ஒரு சம்பவம். ‘தி டிலே’ என்றால் முழுத் தாமதம், அதாவது நவம்பர் 27 புதன்கிழமை போக வேண்டிய சரக்கு டிசம்பர் 4 போனது வரைக்கும் ஏழு நாள். அதில் நான்கு நாள்தான் புயலுடையது. முதல் மூன்று நாள் பெட்டிகளில் ஒட்டிய லேபிளை உரித்து, வேறு அச்சடித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததில் போனது. இலக்கணம் தவறிய அவருடைய வாக்கியம் உண்மை. இலக்கணம் திருந்திய என்னுடையது பொய்.

வாடிக்கையாளர் சண்டை போடவில்லை. மறுநாள் வந்த பதிலில் இரண்டே வரி. புயல் 30ஆம் தேதி என்று செய்தியில் பார்த்தோம், உங்கள் சரக்கு 27ஆம் தேதி கிளம்பியிருக்க வேண்டும், நடுவில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தார்கள்.

லேபிள் விஷயம் அந்தப் பெண்ணின் முதல் வாக்கியத்தில் இருந்தது. அதை ஏன் எடுத்தேன்? “சின்ஸ்னு ஆரம்பிக்காதம்மா” என்று சொல்லித்தான் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். உண்மையில் அப்படி ஒரு விதி கிடையாது. ‘சின்ஸ்’ என்று வாக்கியம் தொடங்கலாம். கவனிக்க வேண்டியது வேறு. ‘மாற்றியதால்’, ‘மாற்றியதிலிருந்து’ என்று தமிழில் நாம் தனித்தனியாகச் சொல்வதை ஆங்கிலம் ஒரே ‘சின்ஸ்’ஸில் சொல்லும். ‘லேபிளை மாற்றியதிலிருந்து புகார் வரவில்லை’ என்று நினைத்து எழுதினால், படிப்பவர் ‘மாற்றியதால் வரவில்லை’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். காலத்தைக் குறிக்கும்போது பின்னால் வரும் வினை பெரும்பாலும் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ சேர்ந்து வரும். அந்தப் பெண் எழுதியிருந்தது ‘வேர் ஹெல்டு’. அங்கே குழப்பத்துக்கே இடமில்லை, காரணம் என்றுதான் படிக்க முடியும். சந்தேகம் இருந்திருந்தால் ‘பிகாஸ்’ என்று மாற்றியிருக்கலாம். வாக்கியத்தையே வெட்டியிருக்க வேண்டியதில்லை.

‘ஸோ’ கதையும் இதேதான். மெயிலில் அது கொஞ்சம் பேச்சுவாடையோடு இருக்கும், அவ்வளவுதான், பிழை இல்லை. ஆனால் ‘ஸோ’வுக்கும் ‘ஹென்ஸ்’ஸுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. மேலே சொன்னது அத்தனையையும் தூக்கிக்கொண்டுதான் அது கீழே வரும். அவருடைய ‘ஸோ’வுக்கு மேலே லேபிளும் புயலும் இருந்தன. என்னுடைய ‘ஹென்ஸ்’ஸுக்கு மேலே புயல் மட்டும்.

இதுவரைக்கும் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஓர் இலக்கணப் பிடிவாதக்காரன் அவசரத்தில் செய்த தவறு போலத் தெரியும். நானும் பல நாள் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு மின்சாரம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது, இன்னும் பத்துப் பதினைந்து மெயில் வரிசையில் இருந்தது, எல்லாம் உண்மை. ஆனால் அந்த லேபிள் புரூஃபில் பழைய பேட்ச் எண் இருந்ததைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். ‘சின்ஸ்’ வாக்கியத்தை வெட்டியபோது அது என் மனதில் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை. இருந்தது என்றும் சொல்லத் தோன்றவில்லை. கை வெட்டியது, வெட்ட ஒரு விதி பக்கத்திலேயே கிடைத்தது.

இரண்டாவது மெயிலை நானே எழுதினேன். லேபிள் பிழையால் மூன்று நாள், புயலால் நான்கு நாள் என்று தேதியோடு பிரித்து, இரண்டுக்கும் ‘பிகாஸ் ஆஃப்’ போட்டு எழுதினேன். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். லேபிள் பிழை யாருடையது என்று அதில் இல்லை. வாடிக்கையாளருக்கு அது தேவையில்லை என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணிடமாவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம் அவர் என் முறைப்படியே எழுதப் பழகிவிட்டார். எந்த விளக்கமானாலும் ‘தி டிலே வாஸ் டியூ டு’ என்றுதான் தொடங்குகிறார். போன வாரம் ஒரு மெயிலை எனக்கு அனுப்பி, “சரியா இருக்கா சார்?” என்று கேட்டார். ஐந்து நாள் தாமதம், காரணம் லாரி கிடைக்காதது. ‘காஸ்டு பை’ போட்டுப் பார்த்தேன், பொருந்தியது. லாரி இரண்டு நாள்தான் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எழுந்து அவர் மேஜைக்குப் போய், “மத்த மூணு நாள் என்னம்மா?” என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “அது போடலாமா சார்?” என்றார்.