புழுவுக்குக் குளிர் தாக்கும்: தேனீ வளர்ப்புக் குறிப்புகளின் தமிழைச் சோதிக்க ஒரு வினாத்தொகுதி அமைத்த அனுபவம்

மார்த்தாண்டம் வட்டாரத்துத் தேனீ வளர்ப்போருக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கேள்வி-பதில்களைக் கணினி வழியாகத் தமிழாக்கி வெளியிடும் சிறு குழு ஒன்றில், அந்தத் தமிழ் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பதில்களில் பிழையான தகவல் அதிகம் இல்லை. ஆனாலும் படிப்பவர்கள் இரண்டாவது வரியிலேயே தாளைக் கீழே வைத்துவிடுகிறார்கள் என்ற குறை இருந்தது. ஆங்கிலத்தின் எலும்புக்கூடு தமிழ்ச் சொற்களுக்குள் நின்றுகொண்டிருந்ததே காரணம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதை எப்படி அளப்பது என்பதுதான் தெரியவில்லை.

முதல் முயற்சி எளிமையானது. 60 பதில்களை எடுத்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடமும் முப்பது ஆண்டுகளாகப் பெட்டி வைத்திருக்கும் தேனீ வளர்ப்பாளர் ஒருவரிடமும் தனித்தனியாகக் கொடுத்து, ஒவ்வொன்றும் ‘இயல்பு’ அல்லது ‘செயற்கை’ என்று குறிக்கச் சொன்னேன். இருவருமே ஆளுக்கு 42 பதில்களைச் செயற்கை என்று குறித்திருந்தார்கள். இருவரும் ஒரே தீர்ப்பைச் சொன்ன பதில்களும் தற்செயலாக 42தான், அதாவது 70 விழுக்காடு. முதலில் மகிழ்ந்தேன். பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். இருவரும் பதிலைப் படிக்காமலேயே பத்துக்கு ஏழு என்ற அளவில் ‘செயற்கை’ என்று குறித்துக்கொண்டே போயிருந்தாலும் 58 விழுக்காடு ஒத்துப்போயிருக்கும். தற்செயல் ஒற்றுமையைக் கழித்துப் பார்க்கும் கோஹன் கப்பா அளவின்படி (0.70 − 0.58) ÷ (1 − 0.58) என்று வகுத்தால் கிடைப்பது 0.29. இருவரும் வேறு வேறு பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைத்தான் அந்த எண் சொன்னது.

ஏன் என்று இருவரிடமும் உட்கார்ந்து கேட்டபோது விடை உடனே கிடைத்தது. ஆசிரியர் ‘பில்’, ‘ஸ்டாண்ட்’ போன்ற சொற்கள் வந்த இடமெல்லாம் செயற்கை என்று குறித்திருந்தார். வளர்ப்பாளரோ ‘மதுரம்’, ‘உகந்த’, ‘இயலும்’ போன்ற எழுத்துநடைச் சொற்களைக் கண்டதும் அவ்வாறே குறித்திருந்தார். இரண்டுமே நான் தேடியவை அல்ல. கடன்சொல் கலந்த தமிழும் நல்ல தமிழாக ஓடலாம்; ஏட்டுத் தமிழும் நன்றாக ஓடலாம். ‘இயல்பா’ என்று பொதுவாகக் கேட்டது என் தவறு.

இரண்டாவது தொகுதியைத் தொடங்கும் முன் ஆங்கிலப் பதில்களை ஓரமாக வைத்தேன். அதே கேள்விகளை வளர்ப்பாளர்கள் நால்வரிடம் தமிழில் கேட்டு, அவர்கள் சொன்னதைப் பதிவு செய்து, பேச்சுவழக்கை எழுத்துநடைக்கு மாற்றி எழுதிக்கொண்டேன். அப்போது கண்ணில் பட்டது சொற்களைவிட வரிசைதான். ‘பாகு ஆறிய பின் அதை மாலையில் பெட்டிக்குள் வையுங்கள்’ என்ற செய்தியைச் சொல்லும் ஆங்கில வாக்கியம் வேலையை முதலில் சொல்லி, அதற்கு முன் நடக்க வேண்டியதைக் கடைசியில் ஒட்டுகிறது. கணினி அந்த வரிசையைக் காப்பாற்றப் போராடி, ‘மாலையில் பெட்டிக்குள் பாகை வையுங்கள், அது ஆறிய பிறகு’ என்று எழுதுகிறது. வளர்ப்பாளர்களோ நடக்கும் வரிசையிலேயே சொன்னார்கள்: பாகைக் காய்ச்சி, ஆறவைத்து, அந்தியில் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வினையெச்சங்கள் கோத்துக்கொண்டு போக, முற்றுவினை ஒன்றுதான், அதுவும் கடைசியில். பதிவு செய்ததில் ‘நீங்கள்’, ‘உங்கள்’ என்ற சொற்கள் அநேகமாக இல்லை. யாருடைய பெட்டி என்ற ஐயம் அங்கே யாருக்கும் எழவில்லை.

இதிலிருந்து இணை வாக்கியங்கள் பிறந்தன. ஒவ்வோர் இணையிலும் இரண்டு தமிழ் வாக்கியங்கள் இருக்கும். பொருள் ஒன்று, சொற்கள் பெரும்பாலும் ஒன்று, வேறுபாடு ஒன்றே ஒன்று. படிப்பவர் எது நன்றாகப் படிகிறது என்று தேர்ந்தெடுத்தால் போதும். பெயரோ இலக்கணக் காரணமோ சொல்லத் தேவையில்லை. எடுத்துக்காட்டாக ஒரு மூலத்தைச் சொல்கிறேன். மழை பெய்யும்போது பெட்டியைத் திறக்கக் கூடாது, தீனி வைத்தே ஆக வேண்டும் என்றால் திறக்கலாம், காரணம் புழுக்கள் குளிர்ந்துவிடும் என்பது அதன் செய்தி. கணினி தந்த தமிழ் இது: ‘நீங்கள் உங்கள் காலனிக்கு உணவளிக்க வேண்டியிருந்தால் தவிர, மழை பெய்துகொண்டிருக்கும்போது உங்கள் பெட்டியைத் திறக்காதீர்கள், ஏனெனில் புழுக்கள் குளிரூட்டப்படலாம்.’ இதை அப்படியே ஒரு பக்கமும், நல்ல வாக்கியத்தை மறுபக்கமும் வைத்தால் யாரும் சரியாகத் தேர்ந்துவிடுவார்கள். ஆனால் எதனால் தேர்ந்தார்கள் என்பது தெரியாது.

ஆகவே நல்ல வாக்கியத்தை முதலில் நிறுத்தினேன்: ‘மழை பெய்யும்போது பெட்டியைத் திறந்தால் புழுக்களுக்குக் குளிர் தாக்கும், தீனி வைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும் திறக்கலாம்.’ பிறகு அதில் ஒவ்வொரு பழுதாகத் தனித்தனியே புகுத்தினேன். ஒன்றில் ‘உங்கள் பெட்டியை’ மட்டும். ஒன்றில் காரணத்தை ‘ஏனெனில்’ என்று வாலில் தொங்கவிட்டது மட்டும். ஒன்றில் ‘குளிரூட்டப்படலாம்’ மட்டும். அந்தச் சொல்லைப் படித்த ஒருவர் புழுவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதாக எண்ணிச் சிரித்துவிட்டார். இப்படி ஒரு மூலத்திலிருந்து மூன்று இணைகள். 16 மூலங்களிலிருந்து 48 இணைகள் ஆயின.

பழுதில்லாத இடத்தில் பழுது காண்பவரையும் கண்டறிய வேண்டியிருந்தது. ‘ஒரு’ வந்தாலே ஆங்கிலம், செயப்பாட்டுவினை வந்தாலே ஆங்கிலம் என்று சிலர் மனத்தில் விதியாகப் பதிந்திருக்கிறது. அதனால், தமிழிலேயே பிறந்த வாக்கியங்களையும் இணைகளுக்கு இடையே ஆங்காங்கே செருகி, எங்கே இடறுகிறது என்று கோடிடச் சொன்னேன். ‘ஒரு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர்’ என்பதில் வருவது அளவைச் சொல்லும் எண். அதை நீக்கினால் பாகே கெட்டுவிடும். ‘1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது’ என்பதை வேறு எப்படி எழுதினாலும் வலிந்து எழுதியதாகவே தோன்றும். இவற்றில் கோடிட்டவரின் மற்றத் தீர்ப்புகளை ஒரு முறை கூடுதலாகச் சரிபார்த்தேன்.

நான் முற்றிலும் எதிர்பாராதது, பொருள் பிழைத்த நல்ல தமிழ். மேலே சொன்ன மூலத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பு இப்படி வந்திருந்தது: ‘மழை பெய்யும்போது பெட்டியைத் திறக்க வேண்டாம், புழுக்களுக்குக் குளிர் தாக்கும்.’ படித்த அனைவரும் இதைத்தான் சிறந்தது என்றார்கள். விதிவிலக்கு காணாமற்போனதை யாரும் கவனிக்கவில்லை; கவனிக்க வழியும் இல்லை, மூலம் அவர்கள் கையில் இல்லையே. மழைக்காலம்தான் இங்கே தேனீக்களுக்குப் பஞ்ச காலம். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்விடும் மாதங்களில் இளம் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீர் அப்போது கிடைக்காது. அந்த நேரத்தில் தீனி வைக்காமல் பெட்டியை மூடியே வைத்தால் கூட்டம் பசியில் அழியும் அல்லது பறந்துவிடும். ஓட்டமான நடையை மட்டும் பார்த்து மதிப்பெண் கொடுத்தால், இப்படி வெட்டிச் சுருக்கும் மொழிபெயர்ப்பே முதலிடம் பெறும்.

இதற்காக ஆங்கிலத்தைப் படிப்பவர் முன் வைப்பது வழக்கமான தீர்வு. என் வளர்ப்பாளர்களில் பலருக்கு ஆங்கிலம் வராது; வருபவரும் மூலத்தைப் பார்த்த கணத்திலேயே அதன் சாயலில் தமிழைப் படிக்கத் தொடங்கிவிடுகிறார், கோணல் வாக்கியமும் அவருக்கு நேராகத் தெரிகிறது. எனவே இரண்டு சுற்றாக்கினேன். முதல் சுற்றில் தமிழ் மட்டும், நடைக்கு. இரண்டாம் சுற்றில் அதே பதிலுடன் ஒரு கேள்வி: ‘மூன்று நாளாக மழை விடவில்லை, தீனி தீர்ந்துவிட்டது. பெட்டியைத் திறக்கலாமா?’ பதிலைப் படித்தவர் ‘கூடாது’ என்று சொன்னால் அது மொழிபெயர்ப்பின் தோல்வி. கேள்வி எழுதும்போது, அனுபவத்தால் அல்லாமல் பதிலைப் படித்துத்தான் விடை சொல்ல முடியும் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள, பெட்டியே வைக்காத இருவரையும் சேர்த்துக்கொண்டேன்.

இந்தக் கேள்வி முறையில்தான் சர்க்கரையும் அகப்பட்டது. ‘சர்க்கரைப் பாகு’ என்று கணினி எழுதியதில் நடைக்குறை எதுவும் இல்லை. சென்னையில் அது சரி. எங்கள் பக்கம் வெள்ளைச் சீனியைச் சீனி என்பார்கள், சர்க்கரை என்றால் வெல்லத்தை நினைப்பவர்கள் உண்டு. ‘எதைக் கரைப்பீர்கள்?’ என்ற கேள்விக்கு ஒருவர் வெல்லம் என்று விடை சொன்னார். வெல்லப்பாகு தேனீக்களுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடியது. அந்த ஒரு விடைக்குப் பிறகு, வட்டாரத்தில் பொருள் மாறும் சொற்களுக்கென்று தனியே கேள்விகள் எழுதினேன்.

இடையில், ஆள் இல்லாமல் அளக்க முடியுமா என்று எழுத்துத் தொடர்களின் ஒற்றுமையை எண்ணும் chrF அளவீட்டையும் ஓட்டிப் பார்த்தேன். என்னிடம் ஒப்பீட்டுக்கு இருந்தது, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதிய தமிழ். அதிலும் ‘ஏனெனில்’ வாலில்தான் இருந்தது. விளைவு, கோணல் வாக்கியத்துக்கே கூடுதல் மதிப்பெண். ஒப்பிடும் தமிழே ஆங்கில வரிசையில் நின்றால் கருவி அந்த வரிசையைத்தானே பாராட்டும்? அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

முடிவுகளை ஒரே எண்ணாகக் கூட்டவில்லை, பழுது வாரியாகவே வைத்தேன். ‘உங்கள்’, வாலில் தொங்கும் காரணம் ஆகிய இரண்டிலும் ஆசிரியரும் வளர்ப்பாளரும் பெரும்பாலும் ஒரே பக்கம் நின்றார்கள். செயப்பாட்டுவினையில் பிரிந்தார்கள், ‘தெளிக்கப்பட வேண்டும்’ என்ற நடையைத் துண்டறிக்கைகளில் பார்த்துப் பழகியவருக்கு அது உறுத்தவில்லை. உறுத்தாததைப் பழுது என்று நான் வற்புறுத்துவது நியாயமில்லை என்பதால் அந்த இணைகளில் பெரும்பாலானவற்றை நீக்கினேன். ‘குளிரூட்டப்படலாம்’ போல் பொருளையே மாற்றுபவை மட்டும் தங்கின. 12 இணைகளை யாருக்கும் காட்டாமல் தனியே பூட்டி வைத்திருக்கிறேன். கணினியைத் திருத்துபவர்கள் தொகுதியைப் பார்த்தே திருத்திவிட்டால், பிறகு அதை வைத்து எதையும் அளக்க முடியாது.

தனி வாக்கியங்களால் பிடிபடாதது ஒன்று இருக்கிறது. வாக்கியம் ஒவ்வொன்றும் நன்றாக இருந்தும், பத்தி முழுவதும் ‘மேலும்’, ‘இருப்பினும்’, ‘கூடுதலாக’ என்று நகர்வது. அதற்கு எட்டு முழுப் பதில்களைச் சேர்த்து, எந்த இடத்தில் நிறுத்தத் தோன்றியது என்று மட்டும் கோடு போடச் சொன்னேன். அதில் அந்த வளர்ப்பாளர் கோடு போட்ட முதல் இடம் ‘நாங்கள் பரிந்துரைக்கிறோம்’ என்பது. நான் அதை ‘நாம்’, ‘நாங்கள்’ குழப்பம் பற்றிய கேள்வியாக நினைத்து, எது சரி என்று கேட்டேன். ‘மக்கா, நாங்கள்னு சொல்ல அங்க யாரு இருக்கா? வைக்கது நல்லதுன்னு எழுதினா போதாதா?’ என்றார். ‘நாம்’, ‘நாங்கள்’ என்று நான் அமைத்திருந்த இணையில் இரண்டு வாக்கியங்களுமே தவறு. இரண்டையும் அடித்துவிட்டு, அவர் சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதினேன்.